கொழும்பு யார்டில் நிற்கும் பெட்டி

திருப்பூர் சரக்கு தூத்துக்குடியில் ஃபீடர் என்னும் சிறிய கப்பலில் ஏறிவிட்டால், ஏற்றுமதியாளருக்குப் பாதிச் சுமை இறங்கிவிடும். ஃபார்வர்டிங் அலுவலகத்தில் டிராக்கிங் பார்க்கும் எங்களுக்கு அதற்குப் பிறகுதான் வேலை. தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் கண்டெய்னர் பெட்டிகள் பல, கொழும்பில் இறங்கி அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. நான் பார்த்த தாமதங்களில் அதிகம் தொல்லை கொடுத்தவை கடலில் நடந்தவை அல்ல, இந்த மாற்றத்தில் நடந்தவை.

கடலில் கப்பல் தாமதமானால் உடனே தெரிந்துவிடும். 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியபோது, பயணம் நீண்டதை அட்டவணையே காட்டியது. கப்பல் எங்கே இருக்கிறது என்று வரைபடத்திலும் பார்க்க முடிந்தது. துறைமுக யார்டில் நிற்கும் பெட்டிக்கு அப்படி எந்த அடையாளமும் கிடையாது. திரையில் ஒன்றுமே மாறாது. அந்த மாறாமைதான் அறிகுறி.

ஒரு பெட்டியின் கதையைச் சொல்கிறேன். நாற்பதடி பெட்டி, உள்ளே டி-ஷர்ட், போக வேண்டிய இடம் ஹாம்பர்க். புக்கிங் நம்பரைப் போட்டுப் பார்த்தால் திட்டம் வரும்: எந்த ஃபீடர், எந்த வாயேஜ், கொழும்பில் எந்தப் பெரிய கப்பல், ஹாம்பர்க்கில் எந்தத் தேதி. ஒரே புக்கிங்கில் பல பெட்டிகள் இருக்கலாம், அவை தனித்தனிக் கப்பலில் போகவும் நேரலாம். அதனால் நடந்தது என்ன என்பதைப் பெட்டி நம்பரில்தான் பார்க்க வேண்டும். இந்தப் பெட்டி 3ஆம் தேதி துறைமுகத்துக்குள் நுழைந்ததற்கு Gate in, 6ஆம் தேதி ஃபீடரில் ஏறியதற்கு Loaded. எல்லாம் ஒழுங்கு. திட்டப்படி 7ஆம் தேதி கொழும்பில் இறங்கி, 10ஆம் தேதி புறப்படும் பெரிய கப்பலில் ஏற வேண்டும்.

கொழும்பில் ஃபீடருக்குக் கரையோரம் நிற்க பெர்த் கிடைக்கவில்லை. வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்து, 9ஆம் தேதி இரவுதான் பெட்டி இறங்கியது. Discharged என்று வந்துவிட்டது. பெரிய கப்பலோ அட்டவணைப்படி 10ஆம் தேதி மாலை கிளம்பிவிட்டது. வரைபடத்தில் அது இலங்கையை விட்டு விலகுவது தெரிகிறது. பெட்டியின் கடைசி வரி மட்டும் இன்னும் Discharged.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. துறைமுகத்தில் ஏற்றிய தகவல் ஷிப்பிங் லைனின் தளத்துக்கு வந்து சேரச் சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். ஆனால் கப்பல் கிளம்பி ஒரு நாள் முழுதும் போன பிறகும் Loaded வரவில்லை என்றால், பெட்டி அந்தக் கப்பலில் இல்லை என்றே எடுத்துக்கொண்டு நான் லைனுக்கு மெயில் அனுப்பிவிடுவேன். "கொழும்பில் பெட்டி ஏறியதா, இல்லையென்றால் அடுத்து எந்தக் கப்பலில் ஒதுக்கியிருக்கிறீர்கள்" என்று நேராகக் கேட்க வேண்டும். "ஸ்டேட்டஸ் என்ன" என்று கேட்டால், தளத்தில் இருப்பதையே நகலெடுத்து அனுப்புவார்கள்.

ஏமாற்றுவது ஹாம்பர்க் தேதிதான். பெட்டி யார்டில் நிற்கும்போதும் தளம் பழைய ETA-வையே காட்டிக்கொண்டிருந்தது. அது பெட்டியின் இருப்பிடத்தைப் பார்த்துச் சொல்லும் தேதி அல்ல, திட்டத்தில் இருக்கும் கப்பலின் தேதி. புதுக் கப்பல் ஒதுக்கும்வரை அது அசையாது. வாங்குபவரும் அதே திரையைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகப் போகிறது என்று கிடங்கில் இறக்க நேரம் வாங்கி வைப்பார். அதனால் தேதியைவிட, அதன் பக்கத்தில் இருக்கும் கப்பல் பெயரைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 12ஆம் தேதி அந்தப் பெயர் மாறியது. 17ஆம் தேதி கிளம்பும் கப்பல். அப்புறம்தான் ETA ஒரேயடியாக ஏழு நாள் தள்ளிப் போனது.

ஃபீடர் தாமதித்தது இரண்டு நாள், பெட்டி இழந்தது ஏழு நாள். இந்தச் சேவைகள் வாரத்துக்கு ஒரு கப்பல் என்று ஓடுவதால், இரண்டு நாள் தாமதத்துக்கும் ஒரு வாரம்தான் விலை. அடுத்த கப்பலிலும் இடம் இல்லாவிட்டால் இன்னொரு வாரம். ஆகவே 17ஆம் தேதி என்று எழுத்தில் வந்த பிறகும், Loaded என்ற வரி வரும்வரை அதை உறுதியான தேதியாக யாருக்கும் சொல்வதில்லை.

வாங்குபவருக்கு 11ஆம் தேதியே எழுதிவிட்டோம்: பெட்டி கொழும்பில் நிற்கிறது, திட்டமிட்ட கப்பல் போய்விட்டது, குறைந்தது ஒரு வாரம் தள்ளும், தளத்தில் உள்ள தேதியை நம்ப வேண்டாம். அவர்கள் கிடங்கு நேரத்தை ரத்து செய்து, கடைகளுக்கு அனுப்பும் வரிசையில் வேறு சரக்கை முன்னால் வைத்தார்கள். 17ஆம் தேதி கப்பலில் பெட்டி ஏறியது. மறுநாள் காலை Loaded வரி வந்ததும் புதுத் தேதியை உறுதி செய்து அனுப்பினோம்.