பன்னிரண்டு ஆள்-நாள் என்பது எத்தனை நாள்?

ஒரு மென்பொருள் பகுதிக்கு 12 ஆள்-நாள் ஆகும் என்று எங்கள் குழுவின் பொறியாளர் மதிப்பிட்டுக் கொடுத்தார். அவர் எங்களுக்குப் பாதி நேரம் மட்டுமே கிடைப்பவர் என்பதால், நான் அதை இரட்டித்து 24 வேலைநாள் என்று அட்டவணையில் எழுதினேன். 24ஆம் நாள் வந்தபோது வேலையில் 36 மணி நேரம் பாக்கி இருந்தது. அவர் மெதுவாக வேலை செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவருடைய நேரப் பதிவேட்டைப் பார்த்த பிறகே தவறு என் கணக்கில் இருப்பது புரிந்தது.

அவருடைய மதிப்பீடு, இடையூறு இல்லாத எட்டு மணி நேரத்தை ஒரு நாளாகக் கொண்டது; ஆக மொத்தம் 96 மணி. முழு நேரம் இருப்பவருக்கே எங்கள் அலுவலகத்தில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் போய்விடும்: ஒரு மணி கூட்டங்களில், ஒரு மணி மின்னஞ்சல்களிலும் மற்றவர்களின் கேள்விகளிலும். எஞ்சுவது ஆறு மணி. அப்படியானால் பாதி நேரக்காரருக்கு மூன்று மணி என்று எண்ணத் தோன்றும். ஆனால் கூட்டம் அவருக்காகப் பாதியாகச் சுருங்குவதில்லை. கேள்விகள் அரை மணியாகக் குறைந்தாலும், கூட்டம் முழு ஒரு மணியையும் எடுத்துக்கொள்ள, அவருடைய நான்கு மணியில் உண்மையில் மிஞ்சியது இரண்டரை மணிதான். பதிவேடும் அதையே சொன்னது: 24 நாளில் 60 மணி.

96ஐ 2.5ஆல் வகுத்தால் 38.4 வருகிறது, அதை 39 வேலைநாளாகக் கொள்ள வேண்டும். வாரத்துக்கு ஐந்து வேலைநாள் என்று வைத்து, திங்கட்கிழமை தொடங்கினால், அது எட்டாவது வாரத்தின் வியாழக்கிழமை முடியும். அதாவது நாட்காட்டியில் 53ஆம் நாள். இடையில் இரண்டு விடுமுறைகள் வந்தால் 41ஆம் வேலைநாள் ஒன்பதாவது வாரத் திங்களில், 57ஆம் நாளில் விழுகிறது. வார இறுதிகளையும் விடுமுறைகளையும் இப்படிக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். ஒரு நாளின் பயனுள்ள மணிகளைக் குறைக்கும்போதே அவற்றையும் கலந்துவிட்டால், எது எதனால் நீண்டது என்று பிறகு பிரித்தறிய முடியாது.

இதற்கு நேர்மாறான பிழையையும் அடுத்த திட்டத்திலேயே செய்தேன் (சூடு பட்டவனின் அதீத எச்சரிக்கை). அங்கே மதிப்பிட்டவர் வேறொருவர். அவரும் 12 நாள் என்றார், ஆனால் கூட்டங்கள் நிறைந்த வழக்கமான நாளை மனத்தில் வைத்துச் சொல்லியிருந்தார். அப்படியென்றால் வேலை 72 மணி மட்டுமே, அதே பாதி நேரத்தில் 29 வேலைநாள் போதும். நானோ 39 என்று எழுதி, ஒரே இழப்பை இரண்டு முறை கழித்துவிட்டேன். அதனால் இப்போது மதிப்பீட்டை நாளில் கேட்பதில்லை. யாரும் குறுக்கிடாமல் உட்கார்ந்தால் எத்தனை மணி ஆகும் என்று கேட்டு, முதல் இரண்டு வாரப் பதிவு 25 மணியை எட்டுகிறதா என்று பார்த்த பின்பே முடிவுத் தேதியை உறுதி செய்கிறேன்.