பதினெட்டாயிரம் போதும் என்று எழுதிக்கொடுத்தேன்

"நீங்க எழுதிக்குடுத்த மாதிரியே சொன்னேன் சார். அவங்களும் அதையே குடுத்துட்டாங்க." போனில் என் மாணவி சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஒரு வாரம் கழித்து அதே நிறுவனத்தில் அதே வேலைக்குத் தேர்வான அவளுடைய வகுப்புப் பையன் தன் ஆஃபர் லெட்டரை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். ஆண்டுக்கு அவளுக்கு 2.7 லட்சம், அவனுக்கு 3.4 லட்சம்.

மாதிரி நேர்காணலில் "என்ன சம்பளம் எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டால் எங்கள் மாணவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "கம்பெனி விதிமுறைப்படி குடுங்க சார்." மனப்பாடம் செய்த அந்த வரி எனக்குப் பிடிக்காது. எதிர்பார்ப்பு இருந்தும் இல்லாததுபோல் பேசுவது பொய்தானே என்று அதை அடித்துவிடுவேன். அவளுடைய பதிலையும் அப்படித்தான் அடித்தேன். பிறகு இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சாப்பாட்டோடு பி.ஜி. 8,500, பஸ்ஸுக்கும் போனுக்கும் 2,000, கல்விக்கடன் தவணை 4,500, வீட்டுக்கு 3,000. மொத்தம் 18,000. "மாசம் கையில 18,000 வந்தா என் செலவையும் கடனையும் சமாளிச்சுடுவேன் சார்" என்று எழுதிக்கொடுத்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அந்த ஹெச்.ஆர். செய்ததும் எளிய கணக்குதான். கையில் பதினெட்டாயிரத்துச் சொச்சம் வர மாதச் சம்பளம் 20,000 வேண்டும். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, 10,000. பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 150, தொழில் வரி சுமார் 200 பிடித்தம் போனால் 18,400 ரூபாய் அளவுக்குக் கைக்கு வரும். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப்.பையும் இ.எஸ்.ஐ.யையும், வேலையை விடும்போது தரவேண்டிய கிராஜுவிட்டிக்கு மாதாமாதம் ஒதுக்கும் தொகையையும் சேர்த்து ஆண்டுக்குப் பெருக்கினால் சி.டி.சி., அதாவது நிறுவனத்துக்கு அவளால் ஆகும் மொத்தச் செலவு, 2.7 லட்சம். அவள் கேட்டதற்குக் குறையாமல் கொடுத்திருக்கிறார்கள். ஏமாற்றினார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பையனோ நான் அடித்த அதே வரியைத்தான் சொல்லியிருக்கிறான். புதிதாகச் சேர்பவர்களுக்கென்று அங்கே ஒரு வரம்பு இருந்திருக்கிறது. எண் எதுவும் சொல்லாதவனுக்கு அந்த வரம்பிலிருந்து கிடைத்தது. தன் தேவையைச் சொன்னவளுக்கு அவள் தேவை மட்டும் கிடைத்தது. மாதம் ஐயாயிரத்துக்கும் மேல் வித்தியாசம். சம்பள உயர்வு சதவீதக் கணக்கில் வருவதால் இந்த இடைவெளி அங்கேயே நிற்காது. அடுத்த நிறுவனமும் முதலில் "இப்ப என்ன வாங்குறீங்க?" என்றுதான் கேட்கும்.

விஷயம் தெரிந்ததும் அவள் கேட்டாள்: "அப்ப நான் பொய் சொல்லியிருக்கணுமா சார்?"

"இல்லம்மா" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை.

இப்போது யோசித்தால் அவர்கள் கேட்டது எதிர்பார்ப்பை, நான் எழுதியது தேவையை. கேள்வி ஒன்று, உண்மை வேறொன்று. அவள் செய்யப்போகும் வேலைக்கு வெளியே என்ன கொடுக்கிறார்கள் என்று நாங்கள் விசாரிக்கவே இல்லை. அவளுடைய பி.ஜி. வாடகை அந்த வேலையின் விலையை எப்படித் தீர்மானிக்கும்? அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி எழுதினேன். முதலில் இரண்டு மூன்று சீனியர்களிடம் முதல் மாதப் பே ஸ்லிப்பைக் கேட்டுப் பார்க்கவேண்டும். பிறகு சொல்லவேண்டியது இது: "இந்த வேலைக்கு நீங்க வச்சிருக்கிற வரம்பு என்னன்னு தெரிஞ்சுக்கலாமா சார்? எங்க சீனியர்கள் 3.2லிருந்து 3.6 வரைக்கும் வாங்குறாங்க. நானும் அதைத்தான் எதிர்பார்க்கிறேன். அதுல மாசாமாசம் உறுதியா வர்றது எவ்வளவுன்னும் சொல்லுங்க." கையில் இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லக்கூடாது. பதினெட்டாயிரம் கணக்கும் வேண்டும். அதற்குக் கீழே வந்தால் மறுக்க வேண்டுமே. ஆனால் அது நோட்டிலேயே இருக்கட்டும்.

இதுவும் சரிதானா என்று தெரியவில்லை. ஆன்லைன் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகமுடியாது. அங்கே யாரிடம் வரம்பைக் கேட்பது? சிறிய நிறுவனம் ஒன்றில் மொத்தமே 2.7தான் இருந்திருந்தால் "3.2" என்ற சொல்லோடு அவளைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அந்த மாதம் அவளுக்கு வேலை தேவைப்பட்டது. நான் எழுதிய வரியால்தான் அது கிடைத்தது என்றுகூடச் சில நாள் நினைத்துக்கொள்கிறேன். பிறகு அந்தப் பையனின் லெட்டர் நினைவுக்கு வந்துவிடும்.

போன வாரம் அழைத்தாள். அவளுக்கு முதல் சம்பள உயர்வுப் பேச்சு வருகிறதாம். "இந்தத் தடவை நானே எழுதுறேன் சார், நீங்க பாத்து மட்டும் சொல்லுங்க." எழுதி அனுப்பியும் விட்டாள். முதல் வரியிலேயே அந்தப் பையனின் சம்பளம் இருக்கிறது. உண்மைதான், ஆனால் என்னை நம்பி அவன் காட்டியது. அந்த வரியை அடிப்பதா விடுவதா என்று இரண்டு நாளாகப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன்.