ஓர் இரவுப் பணியும் நேர்முகத் தேர்வுக்கான ஒரு விடையும்

மார்ச் 3

செவிலியர் பணிக்கான நேர்முகத் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாட்கள் உள்ளன. கேள்விகள் திறன் அடிப்படையில் அமையும் என்று அழைப்புக் கடிதம் சொல்கிறது, அதாவது "என்ன செய்வீர்கள்?" என்பதைவிட "என்ன செய்தீர்கள்?" என்றே கேட்பார்கள். நோயாளியின் நிலை மோசமாவதைக் கண்டறிந்த அனுபவத்தைக் கேட்க வாய்ப்பு அதிகம் என்பதால், வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டாம் இரவில் என் பொறுப்பில் இருந்த ஒருவரைத் தேர்ந்துகொண்டேன். அவருடைய பெயரையோ படுக்கை எண்ணையோ எங்கும் சொல்லப் போவதில்லை.

மார்ச் 5

சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற வரிசையில் விடையை எழுதி, உடன் பணிபுரியும் அக்காவிடம் சொல்லிக் காட்டினேன். மூன்று நிமிடங்களில் இரண்டு நிமிடம் சூழலிலேயே கரைந்துவிட்டது. "கவனித்தோம், மருத்துவருக்குத் தெரிவித்தோம்" என்று நான் சொன்னதும் அக்கா நிறுத்தி, "அதில் நீ என்னம்மா செய்தாய்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி சரியானது. வார்டில் 'நாங்கள்' என்று பேசியே பழகிவிட்டோம்; ஆனால் தேர்வுக் குழுவினர் மதிப்பெண் இடுவது என் செயலுக்கு மட்டுமே.

மார்ச் 6

சூழலை இரண்டு வாக்கியங்களாகச் சுருக்கினேன்.

மார்ச் 8

இன்று முழுவதும் 'செயல்' பகுதியிலேயே இருந்தேன். அன்றிரவு அவர் "ஏதோ சரியில்லை" என்று மட்டும் சொன்னார். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணினேன்: 24. நாடி 112, மேல் இரத்த அழுத்தம் 104, வெப்பநிலை 38.4 டிகிரி செல்சியஸ். ஆக்சிஜன் அளவு 96 விழுக்காடாக இருந்ததால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஆபத்து தெரிந்திருக்காது. ஒவ்வோர் அளவுக்கும் மதிப்பெண் தரும் நியூஸ் 2 எச்சரிக்கை அட்டவணையில் இவற்றின் கூட்டுத்தொகை 6 வந்தது. அது 5 ஆனாலே அவசரமாக மருத்துவர் பார்க்க வேண்டும். ஒவ்வோர் எண்ணையும் அடுக்காமல், மூச்சு எண்ணிக்கை ஏன் என்னை உறுத்தியது என்பதையும், தொலைபேசியில் நிலைமை, பின்னணி, என் மதிப்பீடு, எனக்குத் தேவையானது என்ற ஒழுங்கில் பேசி, "கிருமித்தொற்று இரத்தத்தில் பரவியிருக்கலாம் என்று அஞ்சுகிறேன், உடனே வந்து பாருங்கள்" என்று கேட்டதையும் சொல்ல முடிவு செய்தேன்.

மார்ச் 10

உண்மையில் அந்த அழைப்பு எனது இரண்டாவது அழைப்பு. முதல் முறை "காய்ச்சல் இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். பிறகு வருவதாகப் பதில் கிடைத்தது, இருபது நிமிடங்கள் வீணாயின. இதை மறைக்க நினைத்திருந்தேன். ஆனால் "இப்போது எதை மாற்றிச் செய்வீர்கள்?" என்று குழு தொடர்ந்து கேட்டால், மெய்யான பதில் இதுதான் என்பதால் சேர்த்துவிட்டேன்.

மார்ச் 11

விளைவையும் திருத்தினேன். 'நோயாளி குணமடைந்தார்' என்பது பலருடைய உழைப்பு. மருத்துவர் வந்து பார்த்தார், இரத்த மாதிரி எடுத்த பின் ஆன்டிபயாடிக் தொடங்கப்பட்டது, கூட்டுத்தொகை குறையும்வரை அரை மணிக்கொரு முறை நான் அளவுகளைப் பதிந்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்று கடைசியாகச் சொல்லிப் பார்த்தபோது இரண்டரை நிமிடம் ஆனது.