‘அன்புள்ள சு. அவர்களுக்கு’: 412 அழைப்பிதழ்களும் நான் பட்ட பாடும்

முதல் போன் அம்பாசமுத்திரத்தில் இருந்தே வந்தது. எங்களுக்குக் கணக்கு எடுத்த சார். “ஏலே, எனக்கு லெட்டர் வந்திருக்கு. ‘அன்புள்ள சு. அவர்களுக்கு’ன்னு போட்டிருக்கியே, சு.ன்னா யாருலே? எங்க அப்பாவா?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனாலும் எனக்குக் காது சூடாகிவிட்டது. இரண்டாவது போன் அப்படிச் சிரிப்போடு வரவில்லை. எங்கள் செட்டில் இறந்துபோன ஒருவரின் வீட்டில் இருந்து அவருடைய மகள் பேசினாள். அவர்களுக்குப் போன கடிதத்தில் ‘அன்புள்ள லேட் அவர்களுக்கு’ என்று அச்சாகியிருந்தது.

பழைய மாணவர் சந்திப்புக்கு 412 பேருக்குக் கடிதம். பட்டியலை நான்தான் சேர்த்தேன். ஒரே கடிதத்தில் ஆளுக்கு ஆள் பெயர் மாற்றி அச்சடிக்கும் மெயில் மெர்ஜ் போட்டுத் தந்தது வண்ணார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை. கேட்டால் அந்தத் தம்பி, “அண்ணாச்சி, லிஸ்ட்ல இருக்கறதைத்தான் சிஸ்டம் எடுத்துச்சு” என்றான். கோபம் வந்தது, ஆனால் அவன் சொன்னதில் பாதி உண்மை. பெயர்களை மாற்றித்தான் கீழே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். என் பட்டியலில் பெயர் ஒரே பத்தியில் இருந்தது. வேர்டின் மெயில் மெர்ஜில் விளி போடும் Greeting Line வழக்கமாகத் தேடுவதோ First Name, Last Name என்று இரண்டு. அவன் எக்செலில் Text to Columns போட்டு, இடைவெளி வரும் இடத்தில் பெயரை வெட்டிவிட்டான். வெளிநாட்டுப் பெயருக்கு அது சரி, முன்னால் இருப்பது கூப்பிடும் பெயர், பின்னால் இருப்பது குடும்பப் பெயர். நம் பட்டியலில் ‘சு. நெல்லையப்பன்’ என்று இருந்தால் முன்னால் கிடைப்பது அப்பாவின் முதலெழுத்து. கூப்பிடும் பெயர் பின்னால் போய்விடும். சாருக்கு நேர்ந்தது இதுதான்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ‘பேச்சி முத்து’ என்று நான் இடைவெளி விட்டு அடித்திருந்தேன். அவர் மீசை வைத்த ஆள், லாரி செட் நடத்துகிறார். அவருக்கு ‘அன்புள்ள பேச்சி’ என்று போயிருக்கிறது. ‘முகமது மைதீன்’ வெறும் முகமது ஆனார். மேலப்பாளையத்தில் வெறும் முகமது என்றால் யாரென்று போஸ்ட்மேனுக்கே தெரியாது.

இதை அச்சடிக்கும் முன்பே ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். Preview Results அழுத்திப் பார்த்தோம்தான். முதல் ஐந்தாறு கடிதம் சரியாக இருந்தது. பட்டியலின் தலையில் இருந்தவர்கள் ‘முருகன் சு’, ‘காந்திமதி வே’ என்று இனிஷியலைப் பின்னால் போடுகிற ஆட்கள். ‘சு.நெல்லையப்பன்’ என்று புள்ளிக்குப் பின் இடைவெளி விடாமல் அடித்தவர்களும் தப்பித்துவிட்டார்கள், ஏனென்றால் அங்கே வெட்ட இடைவெளியே இல்லை.

இரண்டாவது சுற்றுக்கு நானே வீட்டில் உட்கார்ந்தேன். சந்திப்புத் தேதி தள்ளிப்போனதால் எப்படியும் மறுபடி எழுதவேண்டியிருந்தது. மரியாதை அடைமொழியைத் தனியாகப் பிரிக்கலாம் என்று எக்செலில் Find and Replace போட்டு ‘திரு’வைத் தேடி வெறுமையாக்கினேன். ஒரே சொடுக்கு. ‘திருமலைக்குமார்’ மலைக்குமார் ஆகிவிட்டார். ‘திருமதி. காந்திமதி’ என்பது ‘மதி. காந்திமதி’ ஆயிற்று. நல்லவேளை, ‘செல்வி’யை அப்படித் தேடுவதற்கு முன்பே கண்ணில் பட்டது. எங்கள் பட்டியலில் செல்வி என்று பெயருள்ளவர்களே மூன்று பேர். Replace All அழுத்துமுன் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள், வேறென்ன சொல்ல.

கடைசியில் வழிக்கு வந்தது எப்படி என்றால், பெயரை வெட்டுகிற எண்ணத்தையே விட்டேன். A பத்தியில் பெயர் எப்படி வந்ததோ அப்படியே, இனிஷியலோடு. உறை மேல் அதுதான் வரவேண்டும். B-யில் திரு., திருமதி., செல்வி. தெரிந்தால் மட்டும். C-யில் அவரை நேரில் எப்படிக் கூப்பிடுவோமோ அந்தப் பெயர், கையால் அடித்தது. D-யில் முழு விளியும் ஒரே கலத்தில். தலைப்புக்கு Vili என்று பெயர் வைத்தேன்.

```
=IF(TRIM(C2)="","வணக்கம்","அன்புள்ள "&TRIM(B2&" "&C2)&" அவர்களுக்கு")
```

கடிதத்தில் விளிக்கு ஒரே புலம்தான், «Vili». வேர்டின் Greeting Line பக்கமே போகவில்லை. B காலியாக இருந்தால் அடைமொழி இல்லாமல் வரும், C காலியாக இருந்தால் வெறும் வணக்கம் வரும். தெரியாத இடத்தில் ஊகிக்காதீர்கள். இசக்கி என்ற பெயர் நம் பக்கம் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. இரண்டு பேருக்கு B-யைக் காலியாகவே விட்டேன், ஒருவரும் குறை சொல்லவில்லை.

‘அவர்களுக்கு’ என்பதைத் தனியாக வைத்ததற்கும் காரணம் உண்டு. பெயரோடு ‘க்கு’ சேர்த்தால் முருகனுக்கு, காந்திமதிக்கு, ராஜாவுக்கு என்று ஆளுக்கு ஒரு விதமாக மாறும். எக்செலுக்குப் புணர்ச்சி தெரியாது. ‘முருகன்க்கு’ என்று போடும்.

C-யை நிரப்ப எனக்கு இரண்டு மாலை ஆயிற்று. ஃபார்முலாவால் செய்யப் பார்த்து விட்டுவிட்டேன், ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஆனால் சரிபார்க்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. பக்கத்துப் பத்தியில் `=LEN(C2)` போட்டு, அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, சிறியதில் இருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். தவறி நுழைந்த ‘சு.’, ‘எஸ்.’ எல்லாம் மேலே வந்து நிற்கும். எக்செல் உயிர்மெய்யை ஒன்றாக எண்ணாது. ‘சு’ அதற்கு இரண்டு, புள்ளியோடு மூன்று. ‘உமா’வும் மூன்றுதான், அதனால் நல்ல பெயர்கள் சிலவும் மேலே வரும், கண்ணால் தள்ளிவிடலாம். வரிசைப்படுத்தும்போது ‘Expand the selection’ என்பதையே தேர்ந்தெடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு பத்தியை மட்டும்தான் எக்செல் வரிசைப்படுத்தப் பார்க்கும், பெயர்கள் இருந்த இடத்திலேயே நிற்கும்.

‘லேட்’ என்று A-யில் வடிகட்டிப் பார்த்தேன். பதினொரு பேர். அந்தக் குடும்பங்களுக்கு மெர்ஜ் வேண்டாம் என்று தனியே எடுத்து, கையால் எழுதினேன்.

இத்தனையும் செய்து பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு அம்பையில் இருந்து பஸ் ஏறிப் போனால், கடையில் வேர்டு ‘Vili’ என்ற புலத்தையே காட்டவில்லை. நான் அழகுக்காக முதல் வரிசையில் ‘பழைய மாணவர் பட்டியல்’ என்று போட்டிருந்தேன். வேர்டு முதல் வரிசையைத்தான் தலைப்பாக எடுக்கும். அந்த வரிசையை நீக்கி, சேமித்து, எக்செலை மூடிவிட்டு மறுபடி இணைத்ததும் வந்தது. கடைத் தம்பி, “அண்ணாச்சி, இதை முன்னாலயே இப்படிக் கொண்டாந்திருந்தா” என்று ஆரம்பித்தான். நான் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வாரம் கணக்கு சார் மறுபடி கூப்பிட்டார். “இப்ப என் பேரு சரியா வந்திருக்கு. ஆனா பின்கோடு தப்பு” என்றார்.