மணிக்கட்டில் நின்ற வளையலும் நான்கு எக்ஸ்ரே படங்களும்

எங்கள் குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. போன வருடம் திருவிழாக் கடையில் பாப்பாவுக்குக் கருவளையல் வாங்கப் போனோம். அவளுக்கு அப்போது 17 மாதம். வளையல்காரம்மா அவள் விரல்களைக் குவித்துப் பிடித்து ஒன்றை உள்ளே தள்ளினார். உள்ளங்கையைத் தாண்டிவிட்டது, மணிக்கட்டில் வந்து நின்றுகொண்டது. "கை ஒல்லியாத்தானே இருக்கு, கணு மட்டும் ஏம்மா இப்படிப் புடைச்சிருக்கு?" என்று முதலில் கேட்டது அவர்தான்.

அதற்கு முன்பே எனக்கு ஒரு நெருடல் இருந்தது. பாப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்பாள், கையை விட்டால் உட்கார்ந்துவிடுவாள். கால்கள் லேசாக வெளிப்பக்கம் வளைந்திருந்தன. தூங்கும்போது தலை வியர்த்துத் தலையணை நனையும். "உன் வீட்டுக்காரனும் ஒன்றரை வயசுக்கு மேலதான் நடந்தான்" என்று அத்தை சொல்லிவிட்டார். ஊரிலேயே ஒரு டாக்டரிடம் காட்டியதில், கொழுகொழு குழந்தை லேட்டாகத்தான் நடக்கும் என்று சொல்லி ஒரு கால்சியம் சிரப் எழுதிக் கொடுத்தார். இரண்டு பாட்டில் காலியானது. கால்சியத்தைக் குடலிலிருந்து உடம்புக்குள் இழுத்துக்கொள்ள வைட்டமின் டி வேண்டும், அது இல்லாமல் சிரப் மட்டும் போதாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

வளையல் விஷயத்துக்குப் பிறகுதான் வேலூருக்குப் பஸ் ஏறினோம். அங்கே பார்த்த குழந்தைகள் மருத்துவர் முதலில் பாப்பாவின் இரண்டு மணிக்கட்டையும் கட்டைவிரலால் தடவினார். அப்புறம் விலா எலும்பின் முன்பக்கம் மேலிருந்து கீழாக விரலை ஓட்டி, என் விரலையும் எடுத்து அதே இடத்தில் வைத்தார். மணிமாலை மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னப் புடைப்புகள். 17 மாதம் தினமும் குளிப்பாட்டிய கை இது, ஒரு நாளும் தட்டுப்படவில்லை. "ரிக்கெட்ஸ் மாதிரி இருக்கு, எலும்பு கெட்டிப்படாத நோய். கைக்கு ஒரு படம் எடுத்துடலாம்" என்றார்.

வளைந்திருப்பது கால், படம் மட்டும் ஏன் கைக்கு என்று கேட்டேன். எலும்பு நீளமாக வளரும் இடம் அதன் நுனியில் இருக்கும் குருத்துத் தட்டுதான். எந்த நுனி வேகமாக வளர்கிறதோ அங்கேதான் ரிக்கெட்ஸ் முதலில் தெரியும். அப்படி வேகமாக வளரும் இடங்கள் முழங்காலைச் சுற்றியும் மணிக்கட்டிலும் இருக்கின்றன. கையைப் பலகையில் தட்டையாக வைத்து அழுத்திப் பிடித்தால் போதும், படம் எடுப்பதும் சுலபம், கதிர்வீச்சும் மிகக் கொஞ்சம் என்றார்.

சுலபம் என்று அவர் சொன்னார், பாப்பா சொல்லவில்லை. ஈய அங்கி மாட்டிக்கொண்டு நான் பிடித்தேன், அவள் கத்திக் கையை உருவிவிட்டாள். முதல் படத்தைப் பார்த்ததும் டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு ஒரே கலக்கம், எலும்பு ஓரமெல்லாம் பஞ்சு மாதிரி கலைந்திருந்ததே என்று. "இது நோய் இல்லம்மா, கை ஆடியிருக்கு. நடுத்தண்டைப் பாருங்க, அதோட ஓரமும் கலங்கியிருக்கு. ரிக்கெட்ஸ்னா தண்டு ஓரம் கோடு போட்ட மாதிரி இருக்கும், நுனி மட்டும்தான் கலையும்" என்றார். இரண்டாவது முறை அவள் அப்பா தோளைப் பிடிக்க, நான் விரல்களைப் பிடித்தேன். படம் சரியாக விழுந்தது.

அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். என் கண்ணுக்கு முதலில் பட்டது வேறு. மணிக்கட்டில் எலும்பே இல்லை! முன்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இரண்டு சின்ன வெள்ளைப் புள்ளிகள், மற்றதெல்லாம் கறுப்பு. அவர் சிரித்துவிட்டார். மணிக்கட்டின் குட்டி எலும்புகள் எட்டும் இந்த வயதில் பெரும்பாலும் குருத்தாகவே இருக்கும், குருத்து எக்ஸ்ரேயில் விழாது, இரண்டு தெரிவது வயதுக்குச் சரிதான் என்றார்.

பார்க்க வேண்டியது முன்கையின் இரண்டு எலும்புகளும் மணிக்கட்டைத் தொடும் நுனி. சாதாரணமாக அது கத்தியால் வெட்டிய கரும்பு மாதிரி, நேரான விளிம்போடு, அந்த விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோட்டோடு முடிய வேண்டுமாம். பாப்பாவுக்கு நுனி அகல் விளக்கு மாதிரி உள்ளே குழிந்திருந்தது, பக்கவாட்டில் அகன்றும் இருந்தது. வளையல் நின்ற இடம் அதுதான். விளிம்பில் கோடே இல்லை. பல் துலக்க மென்ற வேப்பங்குச்சி நுனி போல நார் நாராகப் பிரிந்து கறுப்பில் கரைந்திருந்தது. ரிப்போர்ட்டில் இதைத்தான் கப்பிங், ஃப்ரேயிங், ஸ்ப்ளேயிங் என்று எழுதியிருந்தார்கள். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் லேசாகக் குழிந்திருந்தால் அவ்வளவு கவலைப்பட மாட்டாராம், நல்ல குழந்தைகளிலும் அப்படி இருப்பதுண்டு. இங்கே கட்டைவிரல் பக்கத்து எலும்பும் குழிந்து, விளிம்பும் பிரிந்திருந்ததால்தான் உறுதியாகச் சொன்னார்.

ஏன் இப்படி ஆகிறது என்றும் விளக்கினார். வைட்டமின் டி குறைந்தால் ரத்தத்தில் கால்சியம் இறங்கப் பார்க்கும். அதைத் தூக்கிப் பிடிக்கக் கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பி வேலையை அதிகமாக்கும். கால்சியம் ஓரளவு நிற்கும், ஆனால் பாஸ்பரஸ் சிறுநீரில் போய்விடும். பாஸ்பரஸ் இல்லாவிட்டால் நுனிக் குருத்து முதிர்ந்து எலும்பாக மாறாது. மேலே மேலே குருத்தாகவே தடித்துக்கொண்டு போகும். அந்த மெத்தென்ற நுனிதான் பாரம் தாங்காமல் குழிந்து அகல்கிறது.

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. வைட்டமின் டி 6 (12-க்குக் கீழே என்றாலே குறைபாடு). கால்சியம் கிட்டத்தட்டச் சரி, பாஸ்பரஸ் 2.8, அவள் வயதுக்கு 4-க்கு மேல் இருக்க வேண்டும். ரிக்கெட்ஸ் இருந்தால் ரத்தத்தில் ஏறும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி 1,400-ஐத் தாண்டியிருந்தது. டாக்டர் ஒன்றை அழுத்திச் சொன்னார். வைட்டமின் டி எண் குறைவாக இருக்கும் குழந்தைகள் எத்தனையோ பேர், அவர்களில் பலருக்குப் படம் சுத்தமாக இருக்கும். ரிக்கெட்ஸ் இருக்கிறதா என்பதைப் படம் சொல்லும், எதனால் வந்தது என்று சொல்லாது. பிறவியிலேயே சிறுநீரகம் பாஸ்பரஸை ஒழுகவிட்டாலும் நுனி இப்படித்தான் இருக்கும். அதனால் மருந்து கொடுத்து 4 வாரம் கழித்து இன்னொரு படம் எடுக்க வேண்டும், அதில் மாற்றம் தெரியாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும் என்றார்.

சரி, வேலூர் வெயிலில் வளரும் பிள்ளைக்கு இது எப்படி வந்தது? வெயிலுக்குப் பயந்தே காலை 9 மணிக்கு மேல் அவளை வெளியே விட்டதில்லை. அத்தை தினமும் ஆறரை மணி இளம் வெயிலில் துணி சுற்றித் தூக்கிப் போவார். அந்த நேரத்து வெயிலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் ஏறக்குறைய இல்லை. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயிலில்தான் அது வரும், மூடிய கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் பயனில்லை. தாய்ப்பாலில் வைட்டமின் டி மிகக் குறைவு. எனக்கும் பார்த்தார்கள், 9 இருந்தது. இதில் என் தப்பு ஒன்று உண்டு. பிறந்தபோது தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து, ஒரு வயது வரை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதல் பாட்டில் முடிந்ததும் நான் திரும்ப வாங்கவில்லை.

மருந்து: தினமும் சுமார் 3,000 யூனிட் வைட்டமின் டி, 500 மில்லிகிராம் கால்சியம், 12 வாரம். ஒரு மில்லியில் 800 யூனிட் இருக்கும் சொட்டு மருந்தில் 4 மில்லி கொடுக்கச் சொன்னார். எங்கள் ஊர் மருந்துக்கடையில் அந்தக் கம்பெனி இல்லை, "ரெண்டும் ஒண்ணுதான்" என்று வேறொன்றைக் கொடுத்தார்கள். ஒன்பதாவது நாள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் ஒரு மில்லிக்கு 400 யூனிட். அத்தனை நாளும் பாதி அளவுதான் போயிருக்கிறது. உடனே போன் செய்தேன். நல்ல வேளை சொன்னீர்கள், இல்லாவிட்டால் அடுத்த படத்தில் கோடு சரியாக வராமல், மருந்து கேட்கவில்லை என்று வேறு எதையோ தேடியிருப்போம் என்றார். சரியான மருந்து தொடங்கிய நாளிலிருந்து 4 வாரம் கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். இதற்கு நடுவில் சொந்தக்காரர் ஒருவர், 60,000 யூனிட் பவுடர் பாக்கெட்டைத் தினமும் கொடுத்தால் சீக்கிரம் சரியாகும் என்றார். அது வாரம் ஒன்று என்ற கணக்கில் டாக்டர் எழுதிக் கொடுப்பது. தினமும் கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் எகிறிக் குழந்தை வாந்தியெடுத்துப் படுத்துவிடும், சிறுநீரகமும் கெடும்.

நாலு வாரம் கழித்து எடுத்த படம்தான் இப்போதும் என் போனில் இருக்கிறது. பழைய பிய்ந்த விளிம்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் அதற்கு அப்பால், கொஞ்சம் இடைவெளி விட்டு, மணிக்கட்டுப் பக்கமாகப் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. கோடு விளிம்பில் ஒட்டாமல் தனியாக நிற்கிறதே என்று கேட்டேன். கால்சியம் முதலில் படிவது குருத்தின் முதிர்ந்த ஓரத்தில், கோட்டுக்கும் பழைய விளிம்புக்கும் நடுவில் கறுப்பாகத் தெரிவது இனிமேல் நிரம்ப வேண்டிய இடம் என்றார். அன்றைக்கே, சிறுநீரகம் பற்றிய பரிசோதனைகள் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பன்னிரண்டாவது வாரப் படத்தில் இடைவெளி நிரம்பி, நுனி நேராகி, கோடு சேர்ந்துவிட்டது. அல்கலைன் பாஸ்பட்டேஸ் மட்டும் 520-இல் நின்றது. அது மெதுவாகத்தான் இறங்கும், படம் முன்னாடி போகும், இது பின்னாடி வரும் என்றார். படம் சரியாவதற்கு முன்பே, ஆடி மாதம் ஒரு நாள், பாப்பா ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு அடுப்படி வரை நடந்து வந்தாள்.

கால் வளைவு இன்னும் இருக்கிறது. எலும்பு வளர வளர நேராகும், ஒன்றிரண்டு வருடம் பொறுங்கள், அதற்குள் பட்டை கட்டுவது, எண்ணெய் போட்டு நீவி நிமிர்த்துவது எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அத்தை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டார், முகத்தில் நம்பிக்கை இல்லை. இப்போது தினமும் 600 யூனிட், ஆறு மாதம் கழித்து ஒரு முறை காட்ட வேண்டும். போன மாதம் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்தது. சொட்டு மருந்துப் பாட்டிலை வாங்கி ஒரு மில்லிக்கு எத்தனை யூனிட் என்று பார்த்துவிட்டுத்தான் அவள் கையில் கொடுத்தேன்.