இந்தோனேசிய ரிவ்யூ அறிக்கையை ஆங்கிலமாக்கியபோது இடறிய இடங்கள்

இந்தோனேசியாவில் ஆங்கிலக் கட்டுரைகளை வெளியிடும் ஆய்விதழ்கள் நிறைய உண்டு. ஆனால் அங்கே 'மித்ரா பெஸ்தாரி' என்று சொல்லப்படும், வெளியிடும் முன் கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவர் பல நேரம் தன் கருத்தை இந்தோனேசிய மொழியிலேயே எழுதிவிடுவார். கட்டுரையாளர்களில் ஒருவர் வெளிநாட்டவர் என்றால் அந்த அறிக்கையை ஆங்கிலமாக்க ஆள் தேடுவார்கள். அப்படி ஒரு வேலையை இப்போதுதான் முடித்துக் கொடுத்தேன். அறிக்கை சிறியதுதான். மொழிபெயர்த்த நேரத்தைவிட, வந்துசேர வேண்டியவற்றைக் கேட்டு வாங்கிய நேரம் அதிகம். ரிவ்யூ ரகசியமானது என்பதால் ஆய்வுப் பொருளையும் எண்களையும் மாற்றி எழுதுகிறேன். சிக்கல்கள் மட்டும் அப்படியே.

முதல் கோளாறு இதழ் அலுவலகத்திலேயே தொடங்கியது. ஒரே ஒரு வேர்ட் கோப்பு வந்தது. எல்லாம் ஒன்றாக ஒட்டப்பட்டிருந்தது. அங்கே பெரும்பாலான இதழ்கள் OJS மென்பொருளில்தான் ஓடுகின்றன. அதன் ரிவ்யூ பக்கத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கும்: ஒன்று For author and editor, இன்னொன்று For editor. இரண்டாவதில் எழுதுவது எடிட்டர் கண்ணுக்கு மட்டும். எனக்கு வந்த கோப்பில் இந்த எல்லைக்கோடே இல்லை. கடைசிப் பத்தியில் 'இந்தக் கட்டுரை இன்னும் வெளியிடும் நிலைக்கு வரவில்லை, முடிவு எடிட்டர் கையில்' என்ற பொருளில் இரண்டு வரி. 'பெலும் லாயாக்' என்று எழுதியிருந்தார். நம்முடைய 'லாயக்கு'ம் அதே அரபு வேரிலிருந்து வந்ததுதான். அந்த வரிகள் கட்டுரையாளருக்குப் போக வேண்டியவையா? தொனியைப் பார்த்தால் எடிட்டருக்கு எழுதியது போலிருந்தது. கேட்டு மின்னஞ்சல் அனுப்பினால், 'எல்லாவற்றையும் மொழிபெயர்த்துவிடுங்கள்' என்ற ஒற்றை வரிதான் பதில். மறுபடி கேட்டு, OJS பக்கத்தின் திரைப்பிடிப்பை வாங்கிய பிறகுதான் அது ரகசியப் பெட்டியில் இருந்தது என்று உறுதியானது. அதைத் தனிக் கோப்பாகப் பிரித்து எடிட்டருக்கு மட்டும் அனுப்பினேன். யாராவது இந்த வேலையை எடுத்தால் முதல் கேள்வி இதுவாகவே இருக்கட்டும்: எந்தப் பெட்டியில் எது இருந்தது?

இரண்டாவது, கட்டுரையையே அனுப்பவில்லை. 'அறிக்கையைத்தானே மொழிபெயர்க்கிறீர்கள், கட்டுரை எதற்கு?' என்றார்கள். 'பக்கம் 7, பத்தி 2, விளக்கப்பட வேண்டும்' என்று மட்டும் எழுதியிருந்தால் எதை விளக்குவது? இந்தோனேசிய வாக்கியத்தில் செயப்பாட்டு வினை சகஜம். யார், எதை என்பது இடத்தைப் பார்த்துத்தான் புரியும். ஒருமை பன்மையும் பெரும்பாலும் சொல்லில் தெரியாது. 'தாபெல்' என்றால் ஓர் அட்டவணையாகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். காலமும் வினையில் காட்டப்படாது. ஆங்கிலத்துக்கு இவை எல்லாம் தேவை. கேட்டதும் அவர்கள் அனுப்பியது திருத்தப்பட்ட இரண்டாம் பதிப்பு. ரிவ்யூவர் படித்ததோ முதல் பதிப்பு. பக்க எண்கள் எதுவும் பொருந்தவில்லை. சரியான பதிப்பு கைக்கு வரும்வரை மொழிபெயர்ப்பைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஓரத்தில் எழுதிய குறிப்புகளோடு கூடிய கோப்பு தனியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். எனக்கு அது கடைசியில்தான் வந்தது. அறிக்கையின் பாதி உயிர் அதில்தான் இருந்தது.

மொழிப் பக்கம் பெரும்பகுதி தடையில்லாமல் போனது. இடறும் இடம் ரிவ்யூவரின் மரியாதைதான். 'குராங்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதி 'குறைவு' என்று சொல்லும். 'குராங் ஜெலாஸ்' என்பதை லெஸ் கிளியர் என்று ஆங்கிலத்தில் போட்டால், எதைவிடத் தெளிவு குறைவு என்று படிப்பவர் தேடுவார். நாமும் 'கொஞ்சம் தெளிவு குறைவா இருக்கு' என்று சொல்லிவிட்டு, புரியவே இல்லை என்று நினைப்போமே, அதேதான். நாட் கிளியர் என்பதே சரி. 'குராங் தெபாட்' என்றால் பொருத்தமில்லை. 'குராங் அக்துவால்' என்றால் தரவு பழையது. ஆங்கில ஆக்சுவல் என்ற சொல்லுக்கும் இதற்கும் பொருளில் ஒட்டே இல்லை.

'பெலும்' வேறு விதம். 'இன்னும் இல்லை' என்பது அதன் பொருள். வர வேண்டியது வரவில்லை, வரும் என்ற எதிர்பார்ப்பும் அதிலேயே இருக்கிறது. 'புதுமை இன்னும் தெரியவில்லை' என்று எழுதியிருப்பதைப் 'புதுமை இல்லை' என்று ஆங்கிலத்தில் வைத்தால், திருத்தச் சொன்ன கருத்து நிராகரிப்பாக மாறிவிடும். நாட் எட் என்பதை எல்லா இடத்திலும் விடாமல் வைத்தேன். விமர்சனத்தின் ஆக்கபூர்வமான பக்கம் மூலத்திலேயே இருக்கிறது. நாம் இனிப்புத் தடவ வேண்டியதில்லை, அதை உதிர்க்காமல் இருந்தால் போதும்.

கட்டாயத்தின் அளவுதான் உண்மையான தலைவலி. 'ஹாருஸ்' என்றால் கட்டாயம், சந்தேகமில்லை. 'பெர்லு', 'மோஹோன்' இரண்டும் செய்தே ஆக வேண்டியவை, பணிவாகக் கேட்கப்பட்டவை. 'அலாங்கா பாய்க்ஞா' என்று தொடங்கினால் அது விருப்பம். நடுவில் இருக்கும் 'செபாய்க்ஞா'தான் படுத்தும். 'செய்தால் நல்லது' என்பது நேர்ப் பொருள். ஆனால் ரிவ்யூவர் பலர் அதைக் கட்டளைக்குப் பதிலாகவே எழுதுகிறார்கள். பணிவாக மொழிபெயர்த்தால் வெளிநாட்டுக் கட்டுரையாளர் அதை விருப்பத் தேர்வாக எண்ணி விட்டுவிடுவார். அடுத்த சுற்றில் 'முந்தைய கருத்தைக் கண்டுகொள்ளவில்லை' என்று அடி விழும். நான் இரண்டு சான்றுகளைப் பார்த்தேன். OJS-இல் ரிவ்யூவர் தேர்ந்த பரிந்துரை திருத்தினால் போதும் என்ற Revisions Required-ஆ, மறுபடி ரிவ்யூவுக்கு அனுப்பச் சொல்லும் Resubmit for Review-ஆ? அதே குறை அறிக்கையின் முடிவுரையிலும் திரும்ப வருகிறதா? திரும்ப வந்தால் ஷுட் என்று வைக்கலாம். இரண்டும் கைகொடுக்காத இடத்தில் எடிட்டருக்குக் குறிப்பெழுதிக் கேட்டுவிட வேண்டும்.

இந்த அறிக்கையில் மிகவும் சிக்கலாக இருந்த கருத்தை முழுமையாகச் சொல்கிறேன். கட்டுரை காப்பி விவசாயிகளின் கடன் பற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் ஒரே வரி: மாதிரி எடுத்த முறை குராங் தெபாட், செபாய்க்ஞா திருத்தப்பட வேண்டும். இதை அப்படியே ஆங்கிலத்தில் கொடுத்தால் கட்டுரையாளருக்கு ஒன்றும் விளங்காது. ஓரக் குறிப்புக் கோப்பில், பக்கம் 7-இல், 'சாம்பெல் ஜெனூவா, ஸ்லோவினா?' என்று ஒரு கேள்வி மட்டும் இருந்தது.

'ஜெனூ' என்றால் நிரம்பியது, செறிவடைந்தது. இந்தோனேசிய ஆய்வு நூல்களில் 'சாம்பெல் ஜெனூ' என்றால் ஆய்வுக்குரிய தொகையில் உள்ள எல்லாரையும் மாதிரியாக எடுப்பது. ஆங்கிலத்தில் சாச்சுரேஷன் என்றதும் பண்புசார் ஆய்வாளர் வேறொன்றை நினைப்பார்: புதிய தகவல் வராத நிலைவரை நேர்காணல் எடுப்பது. அந்தச் சொல்லை மட்டும் மாற்றி வைத்தால் கட்டுரையாளர் முற்றிலும் வேறு குற்றச்சாட்டுக்குப் பதில் எழுதுவார். சென்சஸ், அதாவது முழுத்தொகைக் கணக்கெடுப்பு என்பதே சரி. மாதிரிக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடும் ஸ்லோவின் சூத்திரம் அங்கே பரவலாகப் புழங்குகிறது. n மாதிரி, N மொத்தத் தொகை, e பிழை அளவு:

```
n = N / (1 + N·e²)
```

கட்டுரையைத் திறந்தேன். ஓரிடத்தில் கிராமத்து விவசாயிகள் எல்லாரையும் எடுத்ததாக எழுதியிருக்கிறது. முதல் அட்டவணையில் 640 பேரில் 87 பேர். 640-ஐ 10 சதவீதப் பிழையோடு சூத்திரத்தில் போட்டால் 640 ÷ 7.4, அதாவது 86.5, மேலே ஏற்றினால் 87. எல்லாரையும் எடுத்திருந்தால் சூத்திரமே தேவையில்லை. ரிவ்யூவர் கண்டுபிடித்தது இந்த முரண்பாடாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் 'இருக்க வேண்டும்' என்பதை மொழிபெயர்ப்பில் சேர்க்க முடியாது. அவர் எழுதாத விமர்சனத்தை அவர் பெயரில் நான் எழுதக் கூடாது. நேரடியாக அவரைக் கேட்கவும் முடியாது. அவர் யாரென்று எனக்குத் தெரியக் கூடாது. எடிட்டர் வழியாக, இந்தோனேசிய மொழியிலேயே, மூன்றில் ஒன்றைத் தேர்ந்து பதில் சொல்லும்படி ஒரு கேள்வி அனுப்பினேன்: உங்கள் ஆட்சேபம் (அ) பக்கம் 7-க்கும் அட்டவணை 1-க்கும் உள்ள முரண்பாடு, (ஆ) ஸ்லோவின் சூத்திரத்தைப் பயன்படுத்தியதே தவறு, (இ) வேறு. 'தயவுசெய்து விளக்குங்கள்' என்று பொதுவாகக் கேட்டிருந்தால் பதிலும் பொதுவாகத்தான் வந்திருக்கும். வந்த பதில்: (அ), கூடவே அந்த 87 பேரை எப்படித் தேர்ந்தார்கள் என்றும் எழுதச் சொல்லுங்கள்.

அதன் பிறகு ஆங்கிலத்தில் போன கருத்தின் சாரம் இது: 'பக்கம் 7, பத்தி 2, அட்டவணை 1. மாதிரி எடுத்த முறை பொருத்தமாக இல்லை. எல்லா விவசாயிகளையும் எடுத்ததாக வாசகம் சொல்கிறது. அட்டவணையில் ஸ்லோவின்படி 87 பேர். எது நடந்தது என்று தெளிவாக்கவும். மாதிரி என்றால், 87 பேரைத் தேர்ந்த முறையையும் எழுத வேண்டும்.' இடம், குறை, செய்ய வேண்டியது மூன்றும் இருக்கின்றன, எல்லாம் ரிவ்யூவர் சொன்னவை. எடிட்டர் இந்த ஒரு கருத்தைப் படித்துவிட்டு, மற்றவற்றுக்கும் இதே வரிசையில் எண் போட்டுத் தரச் சொன்னார். அலுவலகத்தோடு அத்தனை இழுபறிக்குப் பிறகு அது பெரிய ஆறுதல்.

சின்னச் சின்ன எச்சரிக்கைகள் சில. எண்ணில் புள்ளியும் காற்புள்ளியும் தலைகீழ்: அங்கே 0,061 என்றால் ஆங்கிலத்தில் 0.061, 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்றைம்பது. 'ஏன் 2016?' போன்ற மொட்டைக் கேள்விகள் ஆங்கிலத்தில் அதட்டலாகக் கேட்கும். அந்த ஆண்டைத் தேர்ந்ததற்குக் காரணம் எழுதவும் என்று வைத்தால் கேள்வியும் கெடாது. 'கித்தா', 'காமி' இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே வீ. நம் 'நாம்', 'நாங்கள்' போலவே. ரிவ்யூவர் 'கித்தா' என்று எழுதியது வாசகரையும் சேர்த்து, பொதுவாக. 'இதிலிருந்து வீ முடிவுக்கு வர முடியாது' என்று விட்டால் ரிவ்யூவர் குழுவே தீர்ப்புச் சொல்வது போலாகும். இந்தத் தரவு அந்த முடிவைத் தாங்கவில்லை என்று மாற்றினேன்.

ஓரக் குறிப்புகளைக் கட்டுரையாளருக்கு அனுப்பும் முன் கோப்பைச் சுத்தம் செய்ய வேண்டும். எனக்கு வந்ததில் ஒவ்வொரு குறிப்பின் மேலும் ரிவ்யூவரின் பெயர் இருந்தது. அலுவலகம் கவனிக்கவே இல்லை. வேர்டில் File > Info > Check for Issues > Inspect Document போய், Inspect அழுத்தி, Document Properties and Personal Information என்ற வரிக்கு மட்டும் Remove All அழுத்திச் சேமித்தால் பெயர்கள் Author என்று மாறிவிடும். அதே பட்டியலில் Comments என்று தொடங்கும் வரிக்கும் அழுத்திவிட்டால் குறிப்புகளே அழிந்துபோகும். அதனால் முதலில் நகல் எடுத்துக்கொண்டு, நகலில் மட்டும் செய்யுங்கள். குறிப்புகளுக்குள் 'என் கட்டுரையைப் பார்க்கவும்' போன்ற வரி இருந்தால் மென்பொருள் அதைப் பிடிக்காது. அதைக் கண்ணால்தான் தேட வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தது. அதை எடிட்டருக்குத் தெரிவித்து, வைப்பதா எடுப்பதா என்ற முடிவை அவரிடமே விட்டேன்.