ராத்திரியும் பிரின்டர் ஓடணும், கீழ் வீட்ல தூங்கணும்: 3டி பிரின்டர் சத்தத்த குறைச்ச கதை

எங்க வீடு ரெண்டாவது மாடி. 3டி பிரின்டர் ஹால்ல, பிளைவுட் டேபிள் மேல இருக்கு. பிரின்ட் உக்கார்ற தட்டு, அதாவது பெட், முன்னும் பின்னும் போற சாதாரண டைப், 24 வோல்ட். ஒரு பெரிய பிரின்ட் போட்டா 9 மணி நேரம் ஆகும், அதனால பெரும்பாலும் நைட்டுதான் ஓடும். ஒரு நாள் காலைல கீழ் வீட்டு அக்கா படிக்கட்டுல பாத்துட்டு, "தம்பி, ராத்திரி பதினோரு மணிக்கு மேல கிரைண்டர் போடுறீங்களா? மாவு அரைக்கிற மாதிரியே கேக்குது"ன்னாங்க. எனக்கு ரொம்ப சங்கடமா போச்சு. அவங்க வீட்ல வயசான அம்மா வேற இருக்காங்க. அன்னைக்கே இத சரி பண்ணியே தீரணும்னு உக்காந்தேன், முடிய ரெண்டு மாசம் ஆச்சு.

முதல்ல எது சத்தம் போடுதுன்னு தெரியணும். போன்ல சவுண்ட் மீட்டர் ஆப் போட்டு, பிரின்டர்ல இருந்து ஒரு மீட்டர் தள்ளி ஸ்டூல் மேல வெச்சேன், கடைசி வரைக்கும் அதே போன், அதே ஸ்டூல், அதே இடம். போன் காட்டுற நம்பர் அப்படியே உண்மைன்னு எடுத்துக்க முடியாது, ஆனா முன்ன பின்ன ஒப்பிட்டுப் பாக்க போதும். பிரின்ட் ஓடும்போது 56 டெசிபெல். நாசில் சூடா இருக்கு, மோட்டர் எதுவும் நகரல, ஃபேன் மட்டும் சுத்துதுன்னா 47. அப்போ பெரிய குற்றவாளி மோட்டர்தான்னு தெரிஞ்சு போச்சு.

பிரின்டரோட பழைய கன்ட்ரோல் போர்டுல மோட்டர ஓட்டுற சிப், அதாவது டிரைவர், ஏ4988. என் மோட்டர் ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப், பெல்ட்ட இழுக்குற புல்லியில 20 பல்லு, பெல்ட்டு பல்லுக்கு பல்லு 2 மில்லிமீட்டர், ஆக ஒரு சுத்துக்கு 40 மில்லி நகரும். செகண்டுக்கு 50 மில்லி ஸ்பீடுல ஓடினா செகண்டுக்கு 250 ஸ்டெப். அந்த 250 ஹெர்ட்ஸ்தான் அந்த "ங்ங்ங்"னு பாடுற சத்தம், ஸ்பீடு மாறினா சுருதியும் மாறும். டிஎம்சி 2209 டிரைவர் இருக்குற போர்டு வாங்கி மாத்தினேன். அது உள்ளுக்குள்ளயே ஒவ்வொரு ஸ்டெப்பையும் 256 துண்டா பிரிச்சு, கரண்ட்ட வெட்டி வெட்டி விடாம வோல்டேஜ மெதுவா ஏத்தி இறக்குது, அதுக்கு பேரு ஸ்டெல்த்சாப். போர்டுல ஓடுற மார்லின் ஃபர்ம்வேர்ல `Configuration_adv.h` ஃபைல்ல என்னோடது இப்படி இருக்கு:

```
#define STEALTHCHOP_XY
#define STEALTHCHOP_Z
//#define STEALTHCHOP_E
```

பிளாஸ்டிக் இழைய உள்ள தள்ளுற எக்ஸ்ட்ரூடர் மோட்டர மட்டும் வேணும்னேதான், டிரைவரோட இன்னொரு மோடான ஸ்ப்ரெட்சைக்கிள்ல விட்டுட்டேன், அதுல சத்தம் கூட, பிடியும் கூட. நாசிலுக்குள்ள அழுத்தத்த சரி பண்ற லீனியர் அட்வான்ஸ்னு ஒரு செட்டிங் யூஸ் பண்றேன், அது எக்ஸ்ட்ரூடர படக் படக்னு முன்ன பின்ன தள்ளும், ஸ்டெல்த்சாப்புக்கு அது ஒத்து வராது, மோட்டர் அசையாம நின்னுடற வாய்ப்பு இருக்கு. எக்ஸ்ட்ரூடர் ரொம்ப மெதுவா சுத்துறதால அது சத்தம் பெருசா தெரியவும் இல்ல.

முதல் தடவ ஓட்டும்போது பெட் நகருதா இல்லயான்னு கிட்ட போய் பாத்தேன், அவ்ளோ அமைதி. மீட்டர் 48. ஆனா மூணாவது நாள் ஒரு உயரமான பெட்டி போட்டப்போ பாதில லேயர் 4 மில்லி நகந்து படி மாதிரி ஆயிடுச்சு. ஸ்டெல்த்சாப்ல ஸ்பீடு ஏற ஏற மோட்டரோட பிடி குறையும், பெட் வேற கனம். பிரின்ட் பண்ற ஸ்பீடுல ஒண்ணும் ஆகல, காலியா ஓடுற டிராவல் 150ல, ஆக்சிலரேஷன் 1500ல இருந்ததுதான் காரணம். டிராவல 120க்கும் ஆக்சிலரேஷன 1000க்கும் இறக்கினேன். பெட்ட நகர்த்துற ஒய் மோட்டர் கரண்ட்ட மட்டும், மோட்டரோட ரேட்டிங்க பாத்துட்டு, கொஞ்சம் ஏத்தினேன், எக்ஸ், ஒய்க்கு ஸ்டெல்த்சாப் ஆன், எக்ஸ்ட்ரூடருக்கு ஆஃப்னு போட்டு சேவ் பண்ணேன்:

```
M906 Y650
M569 S1 X Y
M569 S0 E
M500
```

அரை மணி நேரம் ஓட்டிட்டு மோட்டர தொட்டுப் பாருங்க, கை வெச்சு வெச்சிருக்க முடிஞ்சா சரி. ஸ்பீடு அதிகமானா தானா ஸ்ப்ரெட்சைக்கிளுக்கு மாறுற ஹைப்ரிட் செட்டிங் ஒண்ணு இருக்கு. ஓட்டத்துக்கு நடுவுல மோட் மாறும்போது "டொக்"னு ஒரு உதறல் வருது, அதுலயே லேயர் நகர சான்ஸ் இருக்கு, அதனால அத ஆஃப்ல வெச்சுட்டேன்.

இப்போ மோட்டரும் ஃபேனும் சேர்ந்து 48, வெறும் ஃபேன் 47. அதாவது இனி கேக்குறது பெரும்பாலும் ஃபேன்தான். எந்த ஃபேன்? காலண்டர் பேப்பர சுருட்டி குழல் மாதிரி பண்ணி ஒரு முனைய காதுல வெச்சு இன்னொரு முனைய ஒவ்வொரு ஃபேன் பக்கமும் கொண்டு போனேன். பிளாஸ்டிக்க உருக்குற ஹாட்எண்டோட ஃபேன், போர்டு ஃபேன் ரெண்டும் கிட்டத்தட்ட சமமா கத்துது, பவர் சப்ளை ஃபேன் அடுத்து. முதல்ல போர்டு ஃபேன மட்டும் மாத்தினேன், 40 மில்லி ஃபேன் இருந்த இடத்துல ஒரு மூடி பிரின்ட் பண்ணி 80 மில்லி ஃபேன மெதுவா சுத்த விட்டேன். மீட்டர்ல ரெண்டே ரெண்டு டெசிபெல்தான் குறைஞ்சுது. இங்கதான் நிறைய பேர் காசு வேஸ்ட்டுன்னு விட்டுடுவாங்க. சமமா சத்தம் போடுற ரெண்டுல ஒண்ண முழுசா நிறுத்தினாலே 3 டெசிபெல்தான் குறையும், டெசிபெல் கணக்கு அப்படி. இன்னொண்ணயும் அடக்கினாதான் பலன் தெரியும்.

ஹாட்எண்ட் ஃபேனுக்கு 12 வோல்ட் சைலண்ட் ஃபேன் வாங்கினேன், 40க்கு 40, 10 மில்லி தடிமன். பிரின்டர் 24 வோல்ட், அதனால நடுவுல வோல்ட்ட இறக்குற ஒரு பக் கன்வெர்ட்டர் வேணும். ஃபேன கனெக்ட் பண்றதுக்கு முன்னாடியே மல்டிமீட்டர் வெச்சு அவுட்புட்ட 12க்கு திருகி வெச்சுடுங்க, கடைல வரும்போது அது எந்த வோல்ட்ல வேணா நிக்கும். எப்பவும் ஆன்ல இருக்குற லைனுக்கு மட்டும்தான் இது. பிரின்ட் மேல காத்து அடிக்கிற பார்ட் கூலிங் ஃபேன போர்டு விட்டு விட்டு சுவிட்ச் பண்ணி ஸ்பீட குறைக்குது, நடுவுல கன்வெர்ட்டர் போட்டா அது ஒழுங்கா வேல செய்யாது. அந்த ப்ளோயர அப்படியே விட்டுட்டு ஸ்லைசர்ல 100ல இருந்து 70க்கு இறக்கினேன். ஃபேன் 70 சதவீத வேகத்துல சுத்தினா ஏழு எட்டு டெசிபெல் குறையும், என் பிஎல்ஏ பிரின்ட்டுக்கு அந்தக் காத்து போதுது.

சைலண்ட் ஃபேன் போட்டு ஒரு வாரம் ரொம்ப சந்தோஷமா இருந்தேன். அப்புறம் மே மாசம் வந்துச்சு. ஹால்ல 36 டிகிரி, ரெண்டு மணி நேரம் ஓடினதும் எக்ஸ்ட்ரூடர் "டக், டக்"னு பின்னாடி உதைக்க ஆரம்பிச்சுது, பிளாஸ்டிக் வரல. சூடு பண்ணி இழை வெளிய இழுத்துப் பாத்தா நுனிக்கு மேல ஒரு இடத்துல வேப்பங்கொட்ட மாதிரி உப்பி இருக்கு. நாசில் அடைப்பு இல்ல இது, ஹீட்சிங்க் ஆறாம சூடு மேல ஏறி, உருகக் கூடாத இடத்துல இழை இளகி உப்பி மாட்டிக்கிச்சு. அந்த ஃபேன் திறந்த வெளில நல்லாத்தான் காத்து தள்ளுது, ஹீட்சிங்க்கோட நெருக்கமான தகடுகளுக்குள்ள அழுத்தித் தள்ள அதுக்கு தெம்பு பத்தல. அதே 40 மில்லில 20 மில்லி தடிமன் ஃபேன் மாத்தினேன், அதுக்கு தோதா ஒரு டக்ட் பிரின்ட் பண்ணேன். பழைய கவர்ல ஃபேன் இறக்கைய ஒட்டினாப்ல தகர கிரில் ஒண்ணு இருந்துச்சு, காத்து அதுல மோதி விசில் அடிச்சுட்டு இருந்திருக்கு, புது டக்ட்ல அது கிடையாது. மீட்டர் 41. அதுக்கப்புறம் மே மாசம் முடியற வரைக்கும் ஒரு அடைப்பு கூட வரல.

அக்காகிட்ட போய் கேட்டேன். "மாவு அரைக்கிறது நின்னுடுச்சு தம்பி. இப்ப யாரோ ஸ்டூல இழுத்து இழுத்து போடுற மாதிரி இருக்கு"ன்னாங்க. எங்க ஹால்ல அப்படி ஒண்ணுமே கேக்கல! அப்புறம்தான் புரிஞ்சுது, காத்து வழியா எனக்கு கேக்குறது வேற, டேபிள் கால் வழியா தரைக்கு இறங்கி அவங்க சீலிங்க தட்டுறது வேற. பெட் திரும்புற ஒவ்வொரு தடவயும் ஒரு குலுக்கல், காலியான பிளைவுட் டேபிள் அத மத்தளம் மாதிரி அடிக்குது.

முதல்ல ஸ்குவாஷ் பந்து நாலு வாங்கி, பிரின்ட் பண்ண கப்புல வெச்சு பிரின்டர் காலுக்கு அடில குடுத்தேன். கீழ சத்தம் குறைஞ்சுது, ஆனா பிரின்டரே தொட்டில் மாதிரி ஆடுது, எழுத்துகளோட ஓரத்துல அலை அலையா நிழல் விழுந்துச்சு. அடில கனம் இல்லாம மெத்துனு மட்டும் வெச்சா இப்படித்தான் ஆகும். அதனால மார்பிள் கடைல போய் கடப்பா கல் ஒரு துண்டு வெட்டி வாங்கினேன், ரெண்டடிக்கு ஒண்ணரை அடி, 30 மில்லி தடிமன், 22 கிலோ இருக்கும். கல்லுக்கு அடில ஃபோம், கல்லு மேல பிரின்டர் அதோட பழைய ரப்பர் கால்லயே. நாலு காலும் படிஞ்சிருக்கான்னு ஒவ்வொரு காலுக்கு அடிலயும் பேப்பர் விட்டு இழுத்துப் பாத்தேன், ஒண்ணு லூசா வந்துச்சு, அத சரி பண்ணேன்.

ஃபோம் எது வேணா போட்டா ஆகாது. மெத்தைக்கு போடுற ஃபோம் பாரத்துல அப்பளமா நசுங்கிடுச்சு, முழுசா நசுங்கினா அது வெறும் அட்டைதான். கெட்டி ரப்பர் ஷீட் அசையவே இல்ல, அதுவும் பிரயோஜனம் இல்ல. கடைசியா கொஞ்சம் அடர்த்தியான ஃபோம் ஒண்ணு அமைஞ்சுது, 25 மில்லி இருந்தது பாரம் ஏறினதும் 19 ஆச்சு. எத்தன மில்லி அமுங்குதுன்னு பாத்து அதோட வர்க்கமூலத்தால 15.8ஐ வகுத்தா அந்த கல்லும் பிரின்டரும் சேர்ந்து ஆடுற ஹெர்ட்ஸ் கிடைக்கும். 6 மில்லிக்கு சுமார் 6.5, ஃபோமுக்கு நிஜத்துல அத விட கொஞ்சம் கூடவே இருக்கும். அந்த நம்பரோட ஒண்ணரை மடங்குக்கு மேல இருக்குற அதிர்வுதான் தரைக்கு போகாம குறையும். 250 ஹெர்ட்ஸ் எங்கயோ மேல, பெட் திரும்பும்போது வர்ற "தட்" கூட பெரும்பகுதி மேலதான். அக்கா வீட்ல அன்னைக்கு நைட்டு ஒண்ணும் கேக்கலயாம். என் ஹால்ல மீட்டர் 41ல இருந்து 40, அவ்ளோதான் வித்தியாசம்.

பிடிபடாதது ஒண்ணு இருக்கு. ஒல்லியான சுவருக்குள்ள நேர்கோட்டு இன்ஃபில், அதாவது உள்ள நிரப்புற கோடு, போடும்போது பெட் செகண்டுக்கு ஆறேழு தடவ குறுக்க துடிக்கும், அது சரியா கல்லோட சொந்த ஆட்டத்துல போய் விழுது, கல்லே லேசா ஊஞ்சல் ஆடுறது கண்ணுக்குத் தெரியும். அந்த மாதிரி பார்ட்டுக்கு இப்போ இன்ஃபில் ஸ்பீட பாதியாக்கி போடுறேன், இல்லனா சுவர் ஒய்ல நீளுற மாதிரி மாடல வெச்சு, ஸ்லைசர்ல இன்ஃபில் கோணத்தயும் திருப்பி, அந்தக் குறுக்குக் கோடு ஒய்ல வராம எக்ஸ்ல விழுற மாதிரி பண்றேன், எக்ஸ்ல நகர்றது வெறும் ஹாட்எண்ட்தான், கனம் கம்மி. பவர் சப்ளை ஃபேன தொடல. உள்ள 230 வோல்ட், பிளக்க புடுங்கினாலும் கப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், இன்னும் கொஞ்சம் சத்தம் குறையணும்னு அத திறக்க எனக்கு மனசு வரல. இப்போ நைட்டு ஹால்ல தனியா கேக்குறது அது ஒண்ணுதான்.